புதிய எண்ணுக்கு வேறொருவரின் ஓடிபி வருகிறது, பேநவ்வும் அவருடைய கணக்கோடு இணைந்திருக்கிறது: என்ன செய்யலாம்?

செல்வி_பொங்கோல்

வணக்கம். நான் வீட்டில் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். பெற்றோர் தொடர்புகொள்வதற்கென்று தனியாக ஒரு கைத்தொலைபேசி எண் வாங்கினேன். கடையில் காட்டிய பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுத்த எண். 8-இல் தொடங்கும், நினைவில் வைப்பதற்கு எளிதானது.

சிம் அட்டையைப் போட்ட அன்றே எனக்குச் சம்பந்தமில்லாத குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் செயலி ஒன்றிலிருந்து ஆறிலக்கக் குறியீடு வருகிறது. பலதுறை மருந்தகத்திலிருந்து ஒரு குழந்தையின் தடுப்பூசிக்கான நினைவூட்டல் வந்தது. வாடகை வண்டிச் செயலியில் இந்த எண்ணைக் கொடுத்துப் பதிய முயன்றபோது, 'மீண்டும் வருக' என்று ஒரு மலாய்ப் பெண்ணின் பெயரைக் காட்டியது. அவர் சேமித்து வைத்திருந்த இரண்டு முகவரிகளும் கடன் அட்டையின் கடைசி நான்கு எண்களும் திரையில் தெரிந்தன. உடனே மூடிவிட்டேன்.

எனக்குப் பெரிய கவலை பேநவ்தான். கட்டணம் வாங்குவதற்காக இந்த எண்ணை என் வங்கிக் கணக்கோடு இணைக்கப் பார்த்தேன். இது ஏற்கெனவே வேறொரு கணக்கோடு இணைந்திருப்பதாக வங்கி சொல்கிறது. அப்படியானால் பெற்றோர் அனுப்பும் பணம் யாருக்குப் போகும்? அந்தப் பெண்ணுக்கு நான் எப்படித் தகவல் சொல்வது? அவருடைய குழந்தையின் தடுப்பூசி தவறிவிடுமோ என்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

குமரன்72

இது மோசடிக் கும்பலின் வேலை. உங்கள் சிம் அட்டையை யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள். கேட்காமல் ஓடிபி வந்தால் யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்றுதான் காவல்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. நாளைக்கே கடைக்குப் போய் சிம் அட்டையை மாற்றிவிடுங்கள், எல்லாம் நின்றுவிடும். எந்தக் குறியீட்டையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

அட்மிரல்டி_அரசு

குமரன் கடைசியாகச் சொன்னது சரி, எந்தக் குறியீட்டையும் யாரிடமும் சொல்லக் கூடாது. மற்றது அப்படியல்ல. சிம் அட்டையை மாற்றினாலும் இந்தச் செய்திகள் நிற்கமாட்டா. செய்தி அனுப்பும் நிறுவனத்துக்கு உங்கள் அட்டையைப் பற்றி எதுவும் தெரியாது, அதற்குத் தெரிந்தது எட்டு இலக்கங்கள் மட்டும். அந்த இலக்கங்கள் இன்று எந்த அட்டையில் இருக்கின்றனவோ அங்கே செய்தி வந்து சேரும். நீங்கள் புதிய அட்டை வாங்கினால் புதிய அட்டைக்கு வரும்.

நான் ஓய்வுபெறும்வரை தொலைத்தொடர்புத் துறையில் எண் ஒதுக்கீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். செல்விக்கு நடந்திருப்பது எண் மறுஒதுக்கீடு. சிங்கப்பூரில் கைத்தொலைபேசி எண்கள் 8 அல்லது 9-இல் தொடங்குகின்றன. கணக்குப் போட்டால் அதிகபட்சம் இரண்டு கோடி எண்கள், அதிலும் ஒரு பகுதியை ஒதுக்க முடியாது. மக்கள்தொகையைவிடக் கைத்தொலைபேசி இணைப்புகள் இங்கே அதிகம். ஆகவே ஒருவர் விட்டுச்சென்ற எண்ணைச் சில காலம் சும்மா வைத்திருந்துவிட்டு மறுபடியும் விற்பனைப் பட்டியலில் சேர்ப்பது எல்லா நிறுவனங்களும் செய்கிற வேலைதான். குறிப்பாக, நினைவில் வைக்க எளிதான எண்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரிடம் இருந்து வந்தவையாகத்தான் இருக்கும்.

எண்ணைச் சும்மா வைத்திருக்கும் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. காலம் முடிந்தால் எண் 'சுத்தமாகிவிடும்' என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஓய்ந்துபோவது தவறாக வரும் அழைப்புகள் மட்டும்தான். வங்கி, மருந்தகம், வண்டிச் செயலி என்று ஒவ்வொன்றும் தன் பதிவேட்டில் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறதே, அதைப் பழைய பயனாளர் போய் மாற்றினால் ஒழிய யாரும் மாற்றமாட்டார்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் விற்பனைக்கு வைத்திருந்த எண்களில் 259-ஐ எடுத்துப் பார்த்தபோது, 171 எண்கள் பிரபலமான இணையத்தளங்களில் யாரோ ஒருவரின் கணக்கோடு இன்னும் இணைந்திருந்தன.

செல்வி, இரண்டு விவரங்கள் வேண்டும். அந்தப் பணம் அனுப்பும் செயலியின் செய்தியில் என்ன எழுதியிருக்கிறது? உள்நுழைவதற்கான குறியீடா, பணம் அனுப்புவதை உறுதிசெய்யும் குறியீடா? எந்த நாள்களில் வருகிறது?

மீனலோசனி

எனக்கும் இதே கதைதான். சென்னை எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன், இப்போது அது வேறு யாரிடமோ இருக்கிறது. என் இந்திய வங்கியின் குறியீடெல்லாம் அவருக்குப் போகிறது. நான் இங்கிருந்து எப்படி அந்த எண்ணைத் திரும்பப் பெறுவது? சிங்கப்பூரில் ஏதாவது அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாமா?

அட்மிரல்டி_அரசு

மீனலோசனி, உங்கள் கேள்வி இதற்கு நேர் எதிர்ப்பக்கம், செல்வி புதிதாக எண் வாங்கியவர், நீங்கள் எண்ணை இழந்தவர். இங்கே யாராலும் அதைத் திரும்பப் பெற்றுத் தர முடியாது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள்களுக்கு வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, அதற்குள் கேட்டிருந்தால் வாய்ப்பு இருந்திருக்கும். இப்போது செய்ய வேண்டியது வங்கியில் எண்ணை மாற்றுவது. வெளிநாட்டு எண்ணை ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். ஒரு ஆறுதல், ரத்துசெய்யப்பட்ட, கைமாறிய எண்களின் பட்டியலைப் பார்த்து வாரத்துக்கு ஒருமுறையாவது தங்கள் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்று யுபிஐ நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. 2025 மார்ச் 31 அதற்குக் கெடு. ஆகவே உங்கள் பழைய எண்ணை வைத்து யுபிஐ வழியாகப் பணம் எடுக்கும் ஆபத்து முன்பைவிடக் குறைவு.

செல்வி_பொங்கோல்

அரசு ஐயா, செய்திகளைத் தேடிப் பார்த்தேன். பணம் அனுப்பும் செயலியிலிருந்து வருபவை எல்லாம் உள்நுழைவதற்கான குறியீடுகள். பணத் தொகை எதுவும் அவற்றில் இல்லை. வந்தால் அடுத்தடுத்து மூன்று நான்கு வரும், சில நிமிட இடைவெளியில். பிறகு பல நாள்கள் ஒன்றும் இருக்காது. இன்னொன்றையும் கவனித்தேன், மாதத்தின் முதல் பத்து நாள்களுக்குள், ஞாயிற்றுக்கிழமையை ஒட்டித்தான் வருகின்றன. யாரும் என்னை அழைத்துக் குறியீட்டைக் கேட்கவில்லை. `Likely-SCAM` என்ற பெயரிலும் வரவில்லை, நிறுவனத்தின் பெயரிலேயே வருகின்றன.

ஷாஹுல்_ஜூரோங்

சகோதரி, அந்த நாள்களைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாள்களுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதனால் மாதத்தின் முதல் வாரத்தில் தம்பிகளின் கணக்கில் பணம் ஏறும், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு அனுப்புவார்கள். உங்கள் எண்ணின் பழைய சொந்தக்காரர் ஒரு வெளிநாட்டு ஊழியர். அவர் இன்னும் சிங்கப்பூரில்தான் வேலை செய்கிறார், தன் பணத்தை அனுப்ப முடியாமல் தவிக்கிறார்.

எங்கள் தங்குவிடுதியில் இது அடிக்கடி நடப்பதைப் பார்க்கிறேன். முன்கட்டண அட்டை வைத்திருப்பார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்ச் சில மாதம் தங்கிவிட்டால் பணம் நிரப்பாமல் அட்டை காலாவதியாகிவிடும். திரும்பி வந்ததும் விமான நிலையத்திலோ தேக்காவிலோ புதிய அட்டை வாங்கிக்கொள்வார்கள். பணம் அனுப்பும் செயலியில் பழைய எண்தான் பயனாளர் பெயர். அதே கைத்தொலைபேசியில் செயலி திறந்தே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கைத்தொலைபேசியை மாற்றினாலோ செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டாலோ குறியீடு கேட்கும், அது உங்களுக்கு வரும். அவர் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் கடைக்குப் போய் வரிசையில் நின்று அனுப்புவார்.

அட்மிரல்டி_அரசு

ஷாஹுல் சொல்வதுதான் எனக்கும் பொருத்தமாகத் தோன்றுகிறது. நான் குறியீட்டின் வகையைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. உள்நுழைவுக் குறியீட்டை யார் வேண்டுமானாலும் வரவழைக்கலாம், எண்ணைத் தட்டினாலே போதும். ஓர் இலக்கம் தவறாகத் தட்டியவர்கூட வரவழைத்துவிடுவார், ஆனால் அது ஒரே ஒருமுறை வந்து நின்றுபோகும். பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் குறியீடு அப்படியல்ல. கணக்குக்குள் நுழைந்த பிறகுதான் அது கிளம்பும். அது வந்திருந்தால் அவர் உள்ளேதான் இருக்கிறார், கடைசிப் படியில் நிற்கிறார் என்று பொருள். செல்விக்கு வருபவை மாதாமாதம், ஒரே நிறுவனத்திடமிருந்து, கொத்தாக வருகின்றன. மோசடிக்காரனாக இருந்தால் குறியீடு வந்த சில நொடிகளில் அழைப்போ வாட்ஸ்அப் செய்தியோ வந்திருக்கும். குறியீடு அவன் கைக்குப் போகாவிட்டால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அனுப்புநர் பெயர் சரியாக இருப்பது நல்ல அறிகுறிதான். 2023 ஜனவரி 31 முதல் பதிவுசெய்யாத பெயரில் வரும் செய்திகள் `Likely-SCAM` என்றுதான் வருகின்றன. ஆனால் உண்மையான நிறுவனத்தின் உண்மையான குறியீட்டை வரவழைத்துவிட்டு உங்களை அழைத்து ஏமாற்றுவதும் நடக்கிறது. அதனால் 'நான்தான் பழைய சொந்தக்காரர், அந்தக் குறியீட்டை மட்டும் சொல்லுங்கள் அக்கா' என்று ஒருவர் கெஞ்சினாலும் சொல்ல வேண்டாம். அவர் உண்மையானவராகவே இருந்தாலும் அவருக்கு உதவும் வழி அதுவல்ல, அந்த நிறுவனத்தின் கிளைக்குத் தன் வேலை அனுமதி அட்டையுடன் போய் எண்ணை மாற்றிக்கொள்வதுதான்.

பிரகாஷ்_ஈசூன்

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? எண் இப்போது செல்வியுடையது. வண்டிச் செயலியில் அவருக்கே குறியீடு வருகிறது. உள்ளே போய் அந்தப் பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே. டெலிகிராமிலும் எனக்கு இப்படி ஆனது. எண்ணைப் போட்டேன், வேறொருவரின் உரையாடல்கள் முழுவதும் திறந்தன. கணக்கை அழித்தேன், வேலை முடிந்தது.

இளங்கோ_தோபாயோ

பிரகாஷ், வழக்குரைஞர் அலுவலகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எண் உங்களுடையது, கணக்கு உங்களுடையதல்ல. கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி, தனக்கு அனுமதியில்லை என்று தெரிந்தே பிறருடைய தரவுக்குள் நுழைவது குற்றம். முதல் குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தரவை மாற்றுவதும் அழிப்பதும் தனிக் குற்றம்.

'தெரிந்தே' என்பதுதான் இதில் முக்கியம். உங்கள் எண்ணை நம்பிப் பதியப் போய், எதிர்பாராமல் வேறொருவரின் பக்கம் திறந்துவிட்டால், அந்த நொடி வரை உங்கள்மேல் தவறு சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்நியரின் பெயரைப் பார்த்த பிறகும் உள்ளே நடமாடினால் நிலைமை வேறு. செல்வி உடனே மூடியது மிகச் சரி. அழிக்கும் பொத்தானை அழுத்துவது எனக்கு ஏற்புடையதல்ல. அந்தக் கணக்கில் இறந்துபோன அப்பாவின் குரல் பதிவுகூட இருக்கலாம், அதை அழிக்க நாம் யார்?

பிரகாஷ்_ஈசூன்

அப்படியானால் என் எண்ணில் நான் டெலிகிராம் பயன்படுத்தவே கூடாதா? அவர் மாற்றாமல் விட்டுவிட்டார், அதற்கு நான் எத்தனை காலம் காத்திருப்பது?

அட்மிரல்டி_அரசு

நியாயமான கேள்வி. ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது, அதனால்தான் இந்தக் குழப்பம்.

வாட்ஸ்அப்பில் பழைய உரையாடல்கள் உங்களுக்கு வரமாட்டா, அவை அவருடைய கைத்தொலைபேசியில் இருக்கின்றன. கணக்கு 45 நாள்கள் பயன்படாமல் இருந்து, பிறகு வேறொரு கைத்தொலைபேசியில் அதே எண் பதியப்பட்டால், எண் கைமாறிவிட்டது என்று வாட்ஸ்அப் முடிவுசெய்து பழைய படத்தையும் விவரத்தையும் நீக்கிவிடுகிறது. அவர் இன்னும் பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், நீங்கள் பதிந்தவுடன் அவருடைய வாட்ஸ்அப் துண்டிக்கப்படும். அப்போதாவது அவருக்கு விஷயம் புரியும்.

டெலிகிராம் அப்படியல்ல. உரையாடல்கள் அவர்களுடைய சர்வரில் இருக்கின்றன. எண்ணும் குறியீடும் இருந்தால் முழுக் கணக்கும் திறக்கும். பழைய பயனாளர் இரண்டாவது கடவுச்சொல் வைத்திருந்தால் மட்டும் திறக்காது. இன்னொரு நுணுக்கம், அவர் இன்னும் எங்காவது டெலிகிராமைத் திறந்து வைத்திருந்தால் குறியீடு முதலில் அவருடைய செயலிக்குத்தான் போகும், குறுஞ்செய்தியாக உங்களுக்கு வராது. 'வேறு கருவிக்கு அனுப்பியிருக்கிறோம்' என்று திரையில் வந்தால், அந்த எண்ணில் உயிரோடு ஒரு கணக்கு இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதுவதுதான் என் யோசனை. பதில் வர நாளாகும், அதை மறுக்கமாட்டேன்.

ஷாஹுல்_ஜூரோங்

பேநவ்வைப் பற்றிச் சகோதரி கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அட்மிரல்டி_அரசு

சொல்கிறேன். ஓர் எண் ஒரே ஒரு வங்கிக் கணக்கோடுதான் இணைய முடியும். பழைய இணைப்பு நீக்கப்படாதவரை, செல்வியின் எண்ணுக்கு அனுப்பும் பணம் பழையவரின் கணக்குக்குத்தான் போகும். ஆனால் பணம் அனுப்புபவருக்கு, உறுதிசெய்வதற்கு முன், பெறுபவர் பதிந்த பெயர் திரையில் தெரியும். ஆகவே பெற்றோரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், இந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டாம், உங்கள் பழைய எண்ணுக்கோ வங்கிக் கணக்கு எண்ணுக்கோ அனுப்பட்டும்.

இணைப்பை நீக்க, உங்கள் வங்கியிடம் எண் மறுஒதுக்கீடு என்று தெளிவாகச் சொல்லி, எண் உங்கள் பெயரில் இருப்பதைக் காட்டும் தொலைத்தொடர்புக் கட்டண ரசீதைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள். எந்த வங்கியோடு எண் இணைந்திருக்கிறது என்பதை உங்களிடம் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

குமரன்72

எனக்கு ஒரு யோசனை. பேநவ் இன்னும் அவரோடு இணைந்திருக்கிறது என்றால், அதன் வழியாகவே அவருக்குத் தகவல் அனுப்பலாமே! பத்துக் காசு அனுப்பி, குறிப்பில் 'இந்த எண் இப்போது என்னிடம் இருக்கிறது, வங்கியில் மாற்றுங்கள்' என்று எழுதுங்கள். அவர் வங்கி மாறியிருந்தாலும் சரி, அந்தக் கணக்குக்கு நேராகப் போய்ச் சேரும்.

இளங்கோ_தோபாயோ

சட்டப்படி இதில் தவறு எனக்குத் தெரியவில்லை, அவருடைய கணக்குக்குள் நீங்கள் நுழையவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். உரிமம் பெறாத கடன் கும்பல்கள் கேட்காமலே கணக்கில் பணம் போட்டுவிட்டு மிரட்டுகிறார்கள். தெரியாத இடத்திலிருந்து பணம் வந்தால் பலர் பயந்துவிடுவார்கள். குறிப்பில் இணைய முகவரியோ வேறு தொலைபேசி எண்ணோ எழுதாதீர்கள், திரும்ப அழைக்கும்படியும் கேட்காதீர்கள்.

அட்மிரல்டி_அரசு

குமரனின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, இத்தனை ஆண்டு அனுபவத்தில் எனக்கு இது தோன்றியதில்லை. ஆனால் குறிப்பு எல்லா வங்கிகளிலும் பெறுபவரின் கண்ணில் படும் இடத்தில் வருவதில்லை. சிலருக்குக் கணக்கு அறிக்கையில்தான் தெரியும். பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். மறுபடி மறுபடியும் அனுப்ப வேண்டாம், ஒருமுறை போதும்.

செல்வி_பொங்கோல்

நேற்று செய்துபார்த்தேன். எண்ணைத் தட்டியவுடன் திரையில் பெயர் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அந்த மலாய்ப் பெண்ணின் பெயர் அல்ல. வங்காளப் பெயர், ஆணின் பெயர். பத்துக் காசும் குறிப்பும் அனுப்பியிருக்கிறேன்.

ஷாஹுல்_ஜூரோங்

அப்படியானால் உங்களுக்கு முன் இரண்டு பேர்! சம்பளம் வாங்கியதும் பணம் அனுப்பப் பார்ப்பவர் இந்த வங்காளச் சகோதரராக இருக்கலாம். வண்டிச் செயலியும் மருந்தகமும் அந்தப் பெண்ணுடையவை.

அட்மிரல்டி_அரசு

இருக்கக்கூடியதுதான். இங்கே எண்ணை நிறுவனத்துக்கு நிறுவனம் எடுத்துச்செல்லலாம், 2008 முதல் அந்த வசதி முழுமையாக இருக்கிறது. எடுத்துச்சென்றவர் கடைசியில் எண்ணை ரத்துசெய்தால், அது முதலில் எந்த நிறுவனத்தின் தொகுப்பிலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிவிடும். அதனால் செல்விக்கு எண் விற்ற நிறுவனத்துக்கு அவருக்கு முன் இருந்தவர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அடுக்கடுக்காக எத்தனை பேர் பயன்படுத்தினார்களோ அத்தனை பேரின் பதிவுகளும் அந்த எண்ணின் கீழ் கிடக்கும்.

இதில் எனக்குள்ள ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தொலைபேசி வழி விளம்பரம் வேண்டாம் என்று நம் எண்ணைப் பதியும் பட்டியல் 2014 முதல் இருக்கிறது அல்லவா? ரத்தாகும் எண்கள் அதில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக, துண்டிக்கப்பட்ட எண்களை நிறுவனங்கள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. செல்வி, உங்கள் புதிய எண்ணை அதில் நீங்கள் புதிதாகப் பதிய வேண்டும், பழையவரின் பதிவு உங்களுக்கு வராது. ஆக, இந்த நாட்டில் ரத்தான எண்களைத் திரட்டும் வழி ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரத் தொல்லையைத் தடுக்கத் திரட்டும் அந்தத் தகவலை, குறியீடு அனுப்புகிற நிறுவனங்களும் பார்க்கும்படி செய்தால் என்ன? இந்தியாவில் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கைமாறிய எண்களுக்கென்றே ஒரு தரவுத்தளம் 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது.

இளங்கோ_தோபாயோ

ஐயா, அதில் எனக்கு ஒரு தயக்கம். எந்த எண் எந்தத் தேதியில் ரத்தானது என்பதும் ஒருவரைப் பற்றிய தகவல்தான். நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அதைப் பார்க்கலாம் என்றால், எந்த எண் இப்போது காலியாகியிருக்கிறது என்று தேடும் மோசடிக்காரனுக்கும் அது எப்படியாவது போய்ச்சேரும்.

அட்மிரல்டி_அரசு

பட்டியலை யாரும் மொத்தமாகப் பார்க்க வேண்டியதில்லை. 'இந்த எண்ணை எனக்குக் கொடுத்த தேதிக்குப் பிறகு இது ரத்தானதா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்று மட்டும் பதில் வந்தால் போதும். அமெரிக்கத் தரவுத்தளம் அப்படித்தான் பதில் சொல்கிறது. ஆனாலும் உங்கள் தயக்கம் நியாயமற்றது என்று சொல்லமாட்டேன்.

மீனலோசனி

என் இந்திய வங்கி சிங்கப்பூர் எண்ணை ஏற்றுக்கொண்டது, நன்றி. ஒரு சந்தேகம். டிசம்பரில் நான் இங்கிருந்து நிரந்தரமாகக் கிளம்புகிறேன். என் சிங்கப்பூர் எண்ணை விடும்போது இதே சிக்கல் இன்னொருவருக்கு வராமல் என்ன செய்ய வேண்டும்?

அட்மிரல்டி_அரசு

எண்ணை ரத்துசெய்வது கடைசி வேலையாக இருக்கட்டும். முதலில் உங்கள் கைத்தொலைபேசியின் குறுஞ்செய்திப் பெட்டியிலும் மின்னஞ்சலிலும் `OTP` என்றும் `verification code` என்றும் தேடுங்கள். எந்தெந்த நிறுவனத்திடம் உங்கள் எண் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது. அதில் முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சல். மின்னஞ்சலை மீட்கும் எண் பழையதாக இருந்தால், அதை வைத்து மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றிவிட முடியும். அடுத்து வங்கி, பேநவ் இணைப்பு, சிங்பாஸ். சிங்பாஸில் குறுஞ்செய்திக் குறியீட்டை மட்டும் வைத்து யாரும் நுழைய முடியாது, ஆனாலும் மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டிலும் எண்ணை மாற்றும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது, செயலியை அழித்தால் மட்டும் போதாது. எல்லாம் முடிந்த பிறகும் மலிவான திட்டத்தில் அந்த எண்ணைச் சில மாதம் வைத்திருங்கள். மறந்துபோன ஒன்றிரண்டு நிறுவனங்கள் அந்தச் சமயத்தில் செய்தி அனுப்பித் தாமாகவே தலைகாட்டும்.

செல்வி_பொங்கோல்

எல்லோருக்கும் நன்றி. இன்றைய நிலவரத்தைச் சொல்கிறேன்.

பலதுறை மருந்தகத்தை அழைத்தேன். எதையும் சொல்ல முடியாது என்றார்கள், நான் கேட்கவும் இல்லை. செய்தியில் இருந்த தேதியையும் நேரத்தையும் மட்டும் சொல்லி, இந்த எண் இப்போது அந்தக் குடும்பத்திடம் இல்லை என்றேன். தாதி ஒருவர் குறித்துக்கொண்டு, கோப்பில் இருக்கும் வேறு எண்ணை அழைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அதன் பிறகு அங்கிருந்து நினைவூட்டல் வரவில்லை. வண்டிச் செயலியின் நிறுவனத்துக்கு எழுதியதற்கு, கணக்கின் உரிமையாளர்தான் எழுத வேண்டும் என்ற பதில் வந்தது. நான் உரிமையாளர் அல்ல, எண்ணின் உரிமையாளர் என்று ரசீதோடு மறுபடி எழுதியிருக்கிறேன்.

பேநவ் விஷயத்தில் ஒரு மாற்றம். இன்று காலை எண்ணைத் தட்டிப் பார்த்தேன், எந்தக் கணக்கோடும் இணைக்கப்படவில்லை என்று வந்தது. அந்தச் சகோதரர் குறிப்பைப் படித்தாரா, என் வங்கி எழுப்பிய விசாரணையின் பலனா, தெரியவில்லை. இப்போது என் கணக்கோடு இணைத்துவிட்டேன்.

ஆனால் பணம் அனுப்பும் செயலியின் குறியீடு இந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. நான்கு முறை.

ஷாஹுல்_ஜூரோங்

அப்படியானால் அது அந்த வங்காளச் சகோதரராக இல்லாமலும் இருக்கலாம், மூன்றாவது ஒருவர். இல்லையென்றால் வங்கியில் மாற்றியவர் செயலியை மறந்திருப்பார். சகோதரி, அந்தச் செயலி நிறுவனத்தின் பெயரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். குறியீடு வேண்டாம், எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். எங்கள் தங்குவிடுதியிலும் பக்கத்து விடுதிகளிலும் அறிவிப்புப் பலகையில் வங்காளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டச் சொல்கிறேன். இந்த எண்ணை முன்பு வைத்திருந்தவர் அட்டையோடு கிளைக்குப் போய் மாற்றிக்கொள்ளட்டும். அடுத்த சம்பளம் வருவதற்கு முன் ஒட்டிவிடலாம்.